ஸ்டெப்னி சொன்ன தேதி

டமார் என்று பக்கத்து அறையில் ஏதோ வெடித்தது. ரீட்டாவின் விரல்களுக்கிடையே இருந்த பேனா நழுவித் தரையில் விழுந்தது.

வெடியைத் தொடர்ந்து கைத்தட்டல், ஒரு குழந்தையின் கூச்சல், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு குடும்பம் புதுக்கார் எடுத்துக்கொண்டிருந்தது. ஜிகினாத் தாள்கள் பறந்து பறந்து அந்த வீட்டு அம்மாளின் கொண்டையில் உட்கார்ந்தன. நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கக் காத்துக் கிடந்தது.

"பயந்துட்டீங்களா அத்தை? அது டெலிவரி ஹாலு. வண்டி மேல இருக்கிற துணிய இழுக்கும்போது பேப்பர் வெடி போடுவோம். சனிக்கிழமை உங்களுக்கும் இதே மாதிரிதான். உங்களுக்கு ரெண்டு வெடி!" என்று சிரித்தான் ஆண்ட்ரூ. குனிந்து பேனாவை எடுத்து அவள் கையில் மறுபடியும் திணித்தான். "இங்க ஒரு கையெழுத்து. அந்தப் பக்கம் ஒண்ணு. அவ்ளோதான். பேங்க்காரவங்க பணத்த விட்டுடுவாங்க, நாளைக்கு ரிஜிஸ்ட்ரேஷன், நாளன்னிக்கு வண்டி."

ஆண்ட்ரூ வேற்றாள் இல்லை. ரீட்டாவின் கணவர் ஞானப்பிரகாசத்தின் சொந்த அக்கா ரோசியின் மகன். கடலூரில் இந்தக் கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் சேர்ந்து ஒரு வருஷம் கூட நிறையவில்லை. மருமகன் வேலை பார்க்கிற இடத்தில் மாமா கார் வாங்காமல் வேறு எங்கே வாங்குவார்?

பேனா முனை தாளைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு நீலப் புள்ளி. அதற்கு மேல் நகரவில்லை.

"வண்டியப் பாத்துட்டுப் போடுறேன் ஆண்ட்ரூ."

"அதான் அன்னைக்கே பாத்தீங்களே அத்தை."

"அன்னைக்குப் பாத்தது ஷோரூம்ல நிக்கிற வண்டி. எனக்குக் குடுக்கப்போற வண்டிய நான் இன்னும் பாக்கல."

ஞானப்பிரகாசம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் அவர். மைதானத்தில் விசில் ஊதினால் ஊரே திரும்பும். அக்கா வீட்டு விஷயம் என்றால் மட்டும் அந்த விசில் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

"நம்ம பையன்தானே ரீட்டா. போடேன்" என்றார் மெதுவாக.

அந்த இடத்தில் ரீட்டா ஏன் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள் என்பது புரிய வேண்டுமானால், அவள் வாழ்ந்த வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கடலூர் முதுநகரில் நாலு பெண்கள் உள்ள வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தவள் ரீட்டா. மூத்தவளுக்குத் தைத்த பள்ளிச் சீருடை இரண்டாமவளுக்கு வந்து, மூன்றாமவளுக்கு வந்து, கடைசியில் நிறம் இன்னதென்று தெரியாமல் ரீட்டாவுக்கு வரும். புதுநன்மைச் சடங்குக்கு அவள் போட்ட வெள்ளை கவுனின் ஓரத்தில் மூத்த அக்கா என்றைக்கோ சிந்திய காபிக் கறை இருந்தது. திவ்விய நற்கருணை வாங்கப் பீடத்துக்கு நடந்தபோது அந்தச் சின்னப் பெண் கை கூப்பவில்லை. ஒரு கையால் கறையை மறைத்துக்கொண்டு நடந்தாள். கன்னிகாஸ்திரியம்மா அதற்காக அவள் காதைத் திருகினார்.

கல்யாணத்துக்கு மூன்றாவது அக்காவின் பட்டுச் சேலை. மருந்தாளுநர் படிப்புக்கு யாரோ படித்து அடிக்கோடு போட்ட புத்தகங்கள். சிதம்பரம் வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் மருந்துக்கடை வைத்தபோதும், நொடித்துப்போன ஒருவரின் கடையை அலமாரியோடு வாங்கினார்கள். பெயர்ப் பலகையைச் சுரண்டி மேலே எழுதினார்கள். மழைக்காலத்தில் இன்றைக்கும் பழைய முதலாளியின் பெயர் லேசாகத் தெரியும். வீட்டில் இருக்கிற மோட்டார் சைக்கிளோ இரண்டு பேர் ஓட்டிக் களைத்த பிறகு வந்தது.

"பழசுன்னா என்ன, நல்லாத்தானே இருக்கு?" இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே நாற்பத்தேழு வயது ஆகிவிட்டது அவளுக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் கடையை மதியம் பூட்டிவிட்டு டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பெயர் கொடுத்தாள். புவனகிரி சாலையில் கிளட்சை விடத் தெரியாமல் வண்டி குதித்து நின்றபோது பின்னால் வந்த பஸ்காரன் திட்டினான். அழுதாள். மறுநாளும் போனாள். லைசென்ஸ் வாங்கினாள். பிறகுதான் கணவரிடம் சொன்னாள்: "ஒரே ஒரு பொருள், ஒருத்தர் கைபடாதது, ஏம் பேர்ல வாங்கணும். எனக்கு அந்தப் புது வாசனை வேணும்."

அவர் மறுக்கவில்லை. நல்ல மனுஷன்.

ஆனால் இந்த ஷோரூமின் குளிர்ச்சியான அறையில் உட்கார்ந்த நேரத்திலிருந்து ரீட்டாவின் மூக்கு வேறொரு வாசனையைப் பிடித்திருந்தது. அது இருபது வருஷம் மருந்துக்கடையில் பழகிய மூக்கு. தேதி முடியப்போகிற சரக்கை எப்படித் தள்ளுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஏஜென்சிக்காரன் வழக்கத்தைவிட அகலமாகச் சிரிப்பான். பத்து வாங்கினால் மூன்று இலவசம் என்பான். இன்றைக்குள் எடுத்தால்தான் இந்தச் சலுகை என்பான். அட்டைப்பெட்டியின் தேதி இருக்கிற பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பான்.

ஆண்ட்ரூ சீட் கவர் இலவசம் என்றான். மிதியடி, பின்பக்க கேமரா, ஒரு வருஷ பாலிஷ் எல்லாம் இலவசம் என்றான். இன்னும் கேட்டால் இன்னும் தருவான் போலிருந்தது. 'இன்னைக்கே முடிச்சிடலாம் அத்தை' என்று ஐந்தாறு தடவை சொல்லிவிட்டான். தயாரித்த வருஷத்தைக் காட்டிக்கொடுக்கும் சேசிஸ் நம்பரைக் கேட்டு ஒரு வாரமாகப் போன் செய்கிறாள். 'ஜனவரி வண்டி அத்தை, யார்டுல இருக்கு, வந்ததும் சொல்றேன்' என்று மெசேஜ் வருவதைத் தவிர பதில் இல்லை.

தேதி சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவள் மனசு சொன்னது.

"வண்டிய வரச்சொல்லு" என்றாள்.

புதுவண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டிலிருந்து வண்டி வருவதற்குள் மேனேஜர் ஸ்ரீதர் வந்துவிட்டார். கசங்காத சட்டை, கசங்காத புன்னகை. "மேடம், நம்ம ஆண்ட்ரூவோட அத்தைன்னா எங்க குடும்பம் மாதிரி. பிரச்சினை ஒண்ணும் இல்லையே?"

"பிரச்சினை இல்லாம இருக்கணும்னுதான் பாக்கறேன் சார். இந்த வருஷம் தயாரிச்ச வண்டிதான் வேணும்னு புக் பண்ணும்போதே சொன்னேன்."

"ஜனவரி வண்டி மேடம். மாசம் ஒண்ணுதான் ஆவுது. ஃபிரெஷ்!"

ஷோரூம் பின்பக்கத்து சிமெண்டுத் தளத்தில் வண்டி வந்து நின்றது. சிவப்பு. கழுவின ஈரம் சொட்டச் சொட்ட, பிப்ரவரி மாதத்து வெயிலில் செம்பருத்திப் பூப்போல நின்றது. என் வண்டி என்று ரீட்டாவின் மனசு துள்ளியது. உடனே மனசை அதட்டி உட்காரவைத்தாள்.

டயர்கள் மை பூசியதுபோல் கறுத்து மின்னின. ஆண்ட்ரூ தானாகவே ஓடிப்போய் முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்தான்.

"நீங்க டயர் தேதிதானே அத்தை பாக்கணும்? இங்க வாங்க. இந்த நீளவட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கா? நாலு, எட்டு, ரெண்டு, நாலு. மொத ரெண்டும் வாரம், கடைசி ரெண்டும் வருஷம். போன வருஷம் நாப்பத்தெட்டாவது வாரம். டிசம்பர ஒட்டி வந்த டயரு. ஜனவரில வண்டில மாட்டியிருக்காங்க. கரெக்டா இருக்கா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஞானப்பிரகாசம் பெருமூச்சு விட்டார். "ஆச்சு ரீட்டா. பாத்தாச்சு."

"மத்த மூணு?"

பின்சக்கரம் ஒன்றிலும் அதே எண். இன்னும் இரண்டில் வெளிப்பக்கம் அந்த வட்டமே இல்லை. சில டயர்களில் தேதி ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வெளியிலிருந்து தெரியாது. கடையில் ஆளில்லாத மத்தியான நேரங்களில் போனில் இதையெல்லாம் பார்த்து வைத்திருந்தாள் ரீட்டா. முந்தானையை இடுப்பில் செருகினாள். அங்கே கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துத் தரையில் விரித்தாள். பண்டிகைக்கென்று எடுத்த மாம்பழ நிறச் சேலையோடு அப்படியே மல்லாந்து படுத்து, போனின் டார்ச் வெளிச்சத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் பிடித்தாள்.

"அய்யோ அத்தை, எழுந்திருங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்று பதறினான் ஆண்ட்ரூ. சர்வீஸ் பக்கம் நின்ற நாலைந்து பேர் உண்மையிலேயே பார்த்தார்கள்.

"பாக்கட்டும். மாடு வாங்கப் போனா பல்லு புடிச்சுப் பாக்கறதில்லையா? நான் டயரு பாக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். ஸ்ரீதர் சிரிக்கவில்லை.

உள்பக்கமும் நாற்பத்தெட்டு, இருபத்துநாலுதான். நாலு டயரும் சரி. ரீட்டா எழுந்து முதுகுத் தூசியைத் தட்டினாள். ஆண்ட்ரூவின் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது. சந்தேகப்பட்டுவிட்டோமே, நம் வீட்டுப் பிள்ளையை, என்று அவளுக்கே உள்ளுக்குள் சுருக்கென்றது.

மருந்துக்கடைக்காரியின் கை மட்டும் ஓயவில்லை. பெட்டியில் மேலே இருக்கிற நாலு அட்டை புதுசாக இருந்தாலும் அடியில் இருப்பதை எடுத்துப் பார்க்கிற கை அது.

"டிக்கியத் திற."

"டிக்கில என்னா இருக்கு அத்தை? காலி."

"திறடா."

திறந்தான். தரைவிரிப்பைத் தூக்கினாள். அடியில் அவசரத்துக்கு மாட்டுகிற ஸ்டெப்னி டயர் படுத்திருந்தது. அதற்கு மை பூசவில்லை. மேல் பரப்பில் மாவு தூவினதுபோல் தூசி. விரலால் துடைத்தாள். நீளவட்டம் தெரிந்தது.

இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று.

இருபத்துமூன்றாவது வாரம். இரண்டாயிரத்து இருபத்துமூன்று. ஒன்றரை வருஷத்துக்கும் மேலே. அந்த நாலு எண்ணும் அவள் கண்ணுக்குள் காபிக் கறைபோலப் பரவின. போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

டெலிவரி ஹாலில் நாதஸ்வரம் நின்று, எலுமிச்சம்பழம் நசுங்க அந்தக் குடும்பத்துக் கார் வெளியேறும் ஓசை மட்டும் கேட்டது.

"ஸ்டெப்னி மட்டும் பழைய லாட்டுல வந்திருக்கும் மேடம். கம்பெனில நடக்கறதுதான்" என்றார் ஸ்ரீதர்.

ரீட்டா டிரைவர் கதவைத் திறந்தாள். சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தாள். கடைசியில் தைத்திருந்த சின்ன வெள்ளைத் துணித் துண்டில் ஜூன் 2023 என்று இருந்தது. கதவை ஒட்டிய தூணில் சேசிஸ் நம்பர் பொறித்த தகடு. விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். எந்த இடத்தில் இருக்கிற எழுத்து வருஷத்தைச் சொல்லும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்தக் கம்பெனிக்கே போன் போட்டு, பத்தாவது எழுத்து என்று கேட்டு வைத்திருந்தாள். இந்த வருஷத்து வண்டி என்றால் அங்கே 'எஸ்' இருக்க வேண்டும்.

'பி' இருந்தது. இருபத்துமூன்றின் எழுத்து.

"இது இருபத்துமூணுல பொறந்த வண்டி சார். நாலு டயரு மட்டும் இருபத்துநாலு கடைசில பொறந்திருக்கு. டயரு வந்தப்புறம்தான் அத வண்டில மாட்டுவாங்க. இங்க என்னடான்னா புள்ளைக்குப் பின்னாடி தாய் பொறந்திருக்கா. மாத்தினது யாரு?"

ஸ்ரீதரின் புன்னகை முதன்முதலாகக் கசங்கியது.

"மேடம், ஒரே இடத்துல நின்ன வண்டிக்கு டயரு அமுங்கிடும். கஸ்டமர் நல்லதுக்குத்தான் மாத்தினோம்."

"நல்லது பண்ணீங்களே, சொன்னீங்களா? ஜனவரி வண்டின்னு தானே சொன்னீங்க? கம்பெனி குடுக்கற 'ஃபார்ம் 22' சான்றிதழ்ல தயாரிச்ச மாசம் வருஷம் போட்டிருக்குமே, அதக் காட்டுங்க."

"அது பில் போட்டதும் வரும்."

"பில் போட்டு, ரிஜிஸ்டர் ஆகி, ஆர்.சி. அட்டை என் கைக்கு வந்ததும் அதுல 2023ன்னு நானே படிச்சுக்கணும். அப்ப வந்து கேட்டா கையெழுத்துப் போட்டது நீங்கதானேம்பீங்க."

ஸ்ரீதர் குரலைத் தணித்தார். "ஒரு கிலோமீட்டர் ஓடல மேடம். பழசுன்னா என்ன, நல்லாத்தானே இருக்கு?"

ஆயிரம் வார்த்தைகள் இருக்கின்றன தமிழில். அந்த மனுஷன் தேடித் தேடி அந்த வாக்கியத்தை எடுத்தான்.

ரீட்டாவின் கண்கள் நிரம்பின. ஆனால் குரல் நடுங்கவில்லை. "யாரும் முழுங்காத மாத்திரையிலும் நாள் ஏறும் சார். பழசப் பழசுன்னு சொல்லி, பழசுக்கு உண்டான விலையில குடுங்க, வாங்கறவங்க இருப்பாங்க. புதுசுன்னு பேர் வச்சு என் தலையில கட்டாதீங்க. பழச வாங்கி வாங்கி என் தலை நெறஞ்சு கெடக்கு, இடமில்ல."

மேஜைமேல் இருந்த தாள்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணிக்கூண்டு வரை நடந்தேபோய்ச் சிதம்பரம் பஸ் ஏறினாள். ஞானப்பிரகாசம் பின்னாலேயே ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது.

"அவனுக்கு இந்த மாச டார்கெட் ஒரு வண்டி குறையுதாம். வேலை போயிடுமாம்" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"எனக்குந்தான் ஒண்ணு போவுது."

"என்னா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேலை முதுகில் ஒட்டியிருந்த அட்டைத் துணுக்கை அவர் மெல்ல எடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் புதுக்காரை மந்திரிக்க ஏற்பாடாகியிருந்தது. பூசை முடிந்ததும் சுவாமியார் தீர்த்தம் தெளிப்பார் என்று ரோசி ஊரெல்லாம் சொல்லி, கடலூரிலிருந்து சொந்தக்காரர்களை வேன் வைத்து அழைத்து வந்திருந்தாள். கார் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் வேனை நிறுத்தவில்லை. வாசலில் மாலையோடு நின்றவர்களின் முன்னால் ரீட்டா நடந்து வந்தாள்.

"இன்னாடி ரீட்டா, காரு எங்க? பின்னாடி நடந்து வருதா?" என்றாள் ரோசி. சிரிப்பு கிளம்பியது.

"வாங்கல அண்ணி."

"வாங்கலையா, வாங்க வக்கில்லையா? எம் புள்ள வயித்துல அடிச்சிட்டு மாலை போட வந்துட்டியா? டயருக்குக் கீழ படுத்தியாமே! மெக்கானிக்கு வேலைக்கு எடுத்துக்கச் சொல்லட்டுமா?"

"எடுத்துக்கிட்டா நல்லதுதான் அண்ணி. ஸ்டெப்னியையும் சேத்து மாத்தணும்னு சொல்லிக் குடுப்பேன்."

ரோசிக்கு அது புரியவில்லை. பின்னால் நின்ற ஆண்ட்ரூவுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். ரீட்டா அந்த மாலையைக் கேட்டு வாங்கி, உள்ளே போய் மாதா பாதத்தில் வைத்தாள். மாதாவிடம் அவள் எதையும் வேண்டவில்லை. "நீயே சொல்லும்மா, நான் கேட்டது தப்பா?" என்று சண்டை போடுகிற தோரணையில் நின்றாள்.

மறுநாள் மாலை. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். அழைப்பு மணி அடித்தது. ஞானப்பிரகாசம் கதவைத் திறந்தார். ஸ்ரீதர் நின்றார். கையில் ஒரு பழக்கூடை, மேலே பளபளக்கும் தாள் சுற்றி. அவருக்குப் பின்னால் ஆண்ட்ரூ.

ஸ்ரீதர் உட்கார்ந்தார். பழக்கூடையை நடு மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஒரு சாவியையும் வைத்தார். சிவப்பு ரிப்பன் கட்டிய சாவி.

"மேடம், மனசுல எதுவும் வச்சிக்காதீங்க. அதே வண்டி. இன்னும் பெரிய தள்ளுபடி வாங்கியிருக்கேன். ஸ்டெப்னியையும் புதுசா மாத்திட்டோம்."

ரீட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். "ஸ்டெப்னிய மாத்திட்டீங்க. சீட் பெல்ட்ட மாத்துவீங்க. தகட்டுல இருக்கிற எழுத்த என்னா பண்ணுவீங்க சார்?"

"யாரும்மா அதெல்லாம் பாக்கப்போறா?"

"நான் பாத்துட்டேனே! நாளைக்கு விக்கப் போனா வாங்கறவன் பாப்பான். இன்சூரன்ஸ்காரன் பாப்பான். அவங்கள விடுங்க. தெனம் காலைல கதவத் திறந்து உக்காரும்போது அந்தத் தூணு என் கண்ணுக்கு நேரா இருக்கும் சார்." அவள் சாவியை ரிப்பனோடு தூக்கி அவர் பக்கம் நகர்த்தினாள். "ரெண்டே வழி. இந்த வருஷ வண்டி ஒண்ணு, பில் போடறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பரக் குடுத்து, யார்டுலயே என்னப் பாக்க விடணும். இல்லன்னா புக்கிங்க ரத்து பண்ணி முன்பணத்தத் திருப்பணும். ரெண்டுல எதுன்னு எழுதிக் குடுங்க. ஜனவரி வண்டின்னு ஆண்ட்ரூ அனுப்பின மெசேஜும், அந்த நாலு நம்பரோட போட்டோவும் என் போன்ல இருக்கு. நுகர்வோர் கோர்ட்டு கடலூர்லதான இருக்கு. எனக்கு பஸ்ஸு தெரியும்."

ஸ்ரீதரின் முகம் மாறியது. குடும்பம் மாதிரி என்று சொன்ன வாய் இறுகியது. ஞானப்பிரகாசத்தின் பக்கம் திரும்பினார்.

"சார், வீட்ல ஆம்பள நீங்கதானே? சொல்லுங்க. இந்த டீல் முறிஞ்சா உங்க மருமகன் நாளையிலிருந்து ஷோரூமுக்கு வர வேணாம். அவன் வாழ்க்கை உங்க கையில."

ரீட்டா கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் கண்ணில் அந்தப் பழைய வாக்கியம் இருக்குமோ என்ற பயம். நாற்பத்தேழு வருஷத்தில் அவள் கேட்ட ஒரே ஒரு புதுசு, இந்த மனுஷன் திறக்கப்போகிற வாயில் தொங்கியது.

ஞானப்பிரகாசம் எழுந்தார். பழக்கூடையை எடுத்தார். ஸ்ரீதரின் மடியில் வைத்தார்.

"வண்டி என் பேர்ல இல்லைங்க. அவ பேர்ல. அவதான் சொல்லணும், சொல்லிட்டா." விசில் ஊதுகிற குரல் அது. மைதானக் குரல். "அப்புறம், எங்க பையன் பொழப்ப வச்சு எங்கள மெரட்டாதீங்க. டயரு மாத்தச் சொன்னது அவனா, நீங்களா?"

ஸ்ரீதர் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டார். பதில் ஆண்ட்ரூவிடமிருந்து வந்தது.

"ஜனவரி வண்டின்னு சார்தான் சொல்லச் சொன்னாரு, மாமா. நான் சொன்னேன். டயரு மாத்தும்போதும் கூடவே நின்னேன்." அவன் குரல் உடைந்தது. "டிக்கிய எந்தக் கஸ்டமரும் திறந்து பாக்கமாட்டாங்கன்னு ஸ்டெப்னிய விட்டுட்டோம். அத்தை படுத்து டயரு பாக்கும்போதே எனக்குச் செத்துடலாம்னு இருந்திச்சு."

"சாவாத. சாப்பிடு" என்றாள் ரீட்டா. கோபத்தோடுதான் சொன்னாள். "நாலு நாளா மூஞ்சே சரியில்ல."

ஸ்ரீதர் எழுந்துவிட்டார். உள்பையிலிருந்து பேனாவை எடுத்து, ரீட்டா நீட்டிய புக்கிங் ரசீதின் பின்பக்கம், ரத்து, முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக வந்தது. ரீட்டா தேதி போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

"தேதி, சார்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தேதி போட்டார்.

"வேற ஊர்ல இன்னொரு ஷோரூம் இருக்கு. அங்க போய்ப் பாத்துக்கறேன். அங்கயும் படுத்துத்தான் பாப்பேன்" என்றாள் அவள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஸ்ரீதர் திரும்பினார். "ஆண்ட்ரூ, வர்றியா இல்லையா?"

ஆண்ட்ரூ கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினான். போய் அவர் கூடையில், ஆரஞ்சுப் பழங்களுக்கு மேலே வைத்தான்.

"நான் எங்க மாமா வீட்டுல இருக்கேன் சார்."

ஸ்ரீதர் படியிறங்கினார். அவர் வந்த கார் தெருமுனை திரும்பும்வரை ஞானப்பிரகாசம் நிலையில் கைவைத்து நின்றார். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.